நனைந்த துண்டில் ஒரு சொல் மட்டும் வாசிக்க முடியவில்லை: ஊகிப்பதா, கேட்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் மனு, கடிதம், விண்ணப்பம் ஆகியவற்றைத் தட்டெழுதிக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். மழைக் காலத்திலும், படகில் வந்து இறங்குகிறவர்களிடமிருந்தும் நனைந்த கடதாசிகள் என் மேசைக்கு வருவது வழக்கம். அவற்றைக் கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன்.

கடதாசி இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

வாசிக்க முயலாதீர்கள். ஈரத்தில் மை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அப்போது விரலால் நீவினாலும் துணியால் துடைத்தாலும், இருந்த கோடும் போய்விடும். துண்டை மடிப்பு விரித்து, அச்சில்லாத வெள்ளைத் தாள் அல்லது வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் தட்டையாக வைத்து, மேலே இன்னொரு தாளை வைத்துப் பாரமாக அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். செய்தித்தாளில் வைக்க வேண்டாம். அதன் மை உங்கள் துண்டில் ஏறிக்கொள்ளும். மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். பாதி உலர்ந்ததும் மெல்லிய கத்தி முனையை உள்ளே விட்டுப் பிரிக்கலாம்.

வெயிலில் காய வைப்பதும், அயன் பெட்டி வைப்பதும் நம்மவர்கள் உடனே செய்கிற இரண்டு காரியங்கள். வெயில் சாய மையை வெளிறச் செய்யும். அயன் பெட்டி கடதாசியைச் சுருக்கி, பேனை அழுத்திய பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். அந்தப் பள்ளம் பிறகு நமக்கு வேண்டும். மின்விசிறிக் காற்று நேராகப் படாத நிழலான இடத்தில் விட்டுவிடுங்கள். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஈரமாக விட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கடல் நீரில் நனைந்திருந்தால் உலர்ந்தது போலத் தெரிந்த பிறகும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காக நல்ல தண்ணீரில் அலசிவிடவும் கூடாது. கரையும் மையாக இருந்தால் மிச்சமிருக்கும் எழுத்தும் அந்த அலசலில் போய்விடும்.

ஒரே கடதாசியில் சில எழுத்து அப்படியே இருக்கிறது, சில எழுத்து கரைந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு பேனைகள் பயன்பட்டிருக்கும். சாதாரணக் குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்ப் பசை போன்றது. தண்ணீரில் இலகுவாகக் கரையாது. ஜெல் பேனையும் மை ஊற்றி எழுதும் பேனையும் தண்ணீர் கலந்த மையால் எழுதுபவை. அவற்றில் சாய வகை மை ஈரம் பட்டதும் பரவி மேகம் போலாகிவிடும். பென்சிலோ தண்ணீருக்கு அசையாது. ஆகவே சொல் எப்பேனையால் எழுதப்பட்டது என்று தெரிந்தால் எதைத் தேடுவது என்றும் தெரியும். குமிழ்முனையில் எழுதியதென்றால் நிறம் போன இடத்திலும் பள்ளம் இருக்கும். ஜெல் பேனை அழுத்தமில்லாமல் ஓடும். பள்ளம் மிகக் குறைவு.

உலர்ந்த பிறகும் அந்தச் சொல் தெரியவில்லை. வேறு எப்படி வாசித்துப் பார்க்கலாம்?

அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியின் டோர்ச்சைக் கடதாசியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். வெளிச்சம் படுக்கையாக விழும்போது பள்ளத்தின் ஓரம் நிழல் காட்டும். நான்கு பக்கமிருந்தும் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் தெரியாத கோடு இன்னொரு பக்கத்தில் தெரியும். பிறகு துண்டைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். அழுத்தி எழுதும் கையென்றால் அங்கே எழுத்து இடம்வலம் மாறிப் புடைத்து நிற்கும். எழுதும்போது அடியில் வேறு கொப்பி இருந்திருந்தால், அடுத்த தாளிலும் அதே சொல் நிறமில்லாமல் பதிந்திருக்கும். இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை.

படம் எடுப்பதானால் சாதாரணப் படமாகவே எடுங்கள். கடதாசியை வெள்ளையாக்கிக் காட்டும் 'ஸ்கேன்' முறை, மங்கலான கோட்டையெல்லாம் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும். புள்ளியும் கொம்பும்தான் அதற்கு முதற் பலி. படத்தில் தெளிவாகத் தெரிகிற சொல் கடதாசியில் இல்லை என்றால், கடதாசியையே நம்ப வேண்டும்.

தமிழ் எழுத்தில் எந்த இடம் ஏமாற்றும்?

சிறியவை எல்லாம் ஏமாற்றும். மெய்யின் மேலுள்ள புள்ளி, கொம்பின் மேற்சுழி, 'இ'கரத்துக்கும் 'ஈ'காரத்துக்கும் வேறுபாடு காட்டும் விசிறியின் நுனி ஆகியவை ஈரத்தில் முதலில் மறையும். காலும் ரகரமும் கையெழுத்தில் ஏற்கெனவே ஒன்றுபோலிருக்கும். அவற்றின் மேல் தண்ணீர் பட்டால் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் என்னைக் கேட்டால் மிகவும் பயப்பட வேண்டிய சொல் 'வேண்டும்' என்பதுதான். 'வர வேண்டும்', 'வர வேண்டாம்' என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றே. நடுவில் 'டு'வும் 'டா'வும் மட்டும் வேறு. ஒரே ஒரு நீர்த்துளி அந்த நடு எழுத்தில் விழுந்தால் கட்டளை தலைகீழாகிவிடும். வாசிக்கிறவருக்கோ ஐயமே எழாது. தான் எதிர்பார்த்த சொல்லைத் தெளிவாகக் கண்டதாகவே நினைப்பார்.

மீதிச் சொற்களை வைத்து ஊகித்துவிடலாமே, எதற்காகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

ஊகிக்கலாம், சில சொற்களை. எது அந்தச் சில சொல் என்று கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். அந்த இடத்தில் பொருந்தக்கூடிய சொற்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுவேன். ஒன்றுதான் பொருந்துகிறது என்றாலும், பல பொருந்தினாலும் எதை எடுத்தாலும் செய்யப்போகிற காரியம் ஒன்றே என்றாலும், ஊகித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். இரண்டு சொல் பொருந்தி, இரண்டும் என்னை இரண்டு வேறு கடைக்கு அனுப்புகின்றன என்றால் கேட்பேன். எழுத்து எவ்வளவு மங்கியிருக்கிறது என்பது இதில் இரண்டாவது விடயமே. முழுதும் அழிந்த சொல்லைத் தயங்காமல் நிரப்பலாம். முக்கால்வாசி தெரிகிற சொல்லுக்குக் கட்டாயம் கேட்க வேண்டியும் வரலாம்.

ஓர் எடுத்துக்காட்டுடன் சொன்னால் விளங்கும். சிறுபோகத் தொடக்கத்தில் ஒரு பொடியன் கடைக்கு வந்தான். தம்பலகாமத்தில் இருக்கும் அவனுடைய மாமா, நகரில் விதைநெல் வாங்கி அனுப்பச் சொல்லித் துண்டு கொடுத்துவிட்டிருந்தார். பையில் தண்ணீர்ப் போத்தல் ஒழுகி, ஜெல் பேனையால் எழுதிய துண்டு நனைந்துவிட்டது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "மருமகன், மூ… மாத விதைநெல் ஐந்து புசல் வாங்கி அனுப்பவும். இரண்டு ஏக்கருக்குக் காணும். நாளைக்கு வந்தாற் போதும்."

இப்போது அந்தத் துண்டில் 'புசல்' என்ற சொல் அழிந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரக்கூடியவை புசல், மூடை, கிலோ ஆகிய மூன்றுதான். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. விதைப்புக்கு ஏக்கருக்கு இரண்டு, இரண்டரைப் புசல் போடுவது வழக்கம். இரண்டு ஏக்கருக்கு ஐந்து புசல் என்பது கணக்கில் சரியாக உட்காருகிறது. ஐந்து மூடை என்றால் மிக அதிகம். ஐந்து கிலோ ஒரு மூலைக்கும் காணாது. எனவே யாரையும் கேட்காமல் 'புசல்' என்று எழுதிவிடலாம். மாமாவைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

அழிந்திருந்ததோ மாதம். 'மூ' தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு நீல மேகம். மூன்று மாத நெல்லும் இருக்கிறது, மூன்றரை மாத நெல்லும் இருக்கிறது. பிஜி 300 மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை மாதம். இரண்டும் கடையில் கிடைக்கும், இரண்டும் நல்ல நெல், பார்வைக்குப் பெரிய வேறுபாடும் இல்லை. விதைத்த பிறகு பல கிழமைக்கு எது எது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

அந்தச் சொல்லை எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள்?

நான் கண்டுபிடிக்கவில்லை; பிழையாகத்தான் வாசித்தேன். அதைச் சொல்வதற்கே இந்தக் கேள்வியைச் சேர்த்தேன்.

டோர்ச் அடித்துப் பார்த்தேன்; ஜெல் பேனை, பள்ளம் இல்லை. இடத்தை அளந்தேன். அதே கையில் எழுதிய 'ஐந்து' என்ற மூன்றெழுத்துச் சொல்லையும் 'இரண்டு' என்ற நான்கெழுத்துச் சொல்லையும் அடிமட்டத்தால் அளந்து ஒப்பிட்டேன். 'மூ'வையும் சேர்த்து அளந்தால் மேகத்தின் அகலம் அந்த இரு சொற்களுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. வரிக்குக் கீழே ஒரு கோடு இறங்கியிருந்தது. 'று'வின் வாலும் கீழே இறங்கும், 'ரை'யில் உள்ள ரகரத்தின் காலும் கீழே இறங்கும். ஆக, கடதாசி இரண்டுக்கும் சமமாகச் சாட்சி சொன்னது. நான் மட்டும் சமமாக இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த வயற்காரர்கள் பலர் மூன்றரை மாதம் விதைப்பவர்கள் என்பதால், "மூன்றரை, ஐயமில்லை" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன பிறகு பார்த்தால் அந்த மேகத்துக்குள் 'ரை'யின் சுழிகூட எனக்குத் தெரிந்தது!

பொடியன் என்னைவிட நிதானமானவன். மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தான். "மாமா, மூன்றரை மாதம்தானே?" என்று கேட்டான். அந்தப் பக்கம் உழவு இயந்திரத்தின் சத்தம். "ஓம், ஓம்" என்று பதில் வந்தது. எனக்கு ஒரே பெருமை. அவன் முகத்தில் மட்டும் தெளிவில்லை. மாமா காது கொடுத்துக் கேட்டாரோ என்னவோ என்றான். துண்டில் 'நாளைக்கு' என்றுதானே இருக்கிறது, இரவு பார்க்கலாம் என்று போய்விட்டான்.

இரவு மறுபடி எடுத்து, இந்த முறை "எத்தனை மாத நெல் மாமா?" என்று கேட்டிருக்கிறான். "மூன்று மாதம். கூட்டத்தில் அப்படித்தானே தீர்மானித்தது" என்றாராம். அந்தப் போகத்துக்குக் குளத்தில் தண்ணீர் மட்டம் போதாது என்பதால், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மூன்று மாத இனம் மட்டும் விதைப்பது என்றும், அதற்கேற்ப வாய்க்காலில் தண்ணீரை நிறுத்துவது என்றும் முடிவாகியிருந்தது. மூன்றரை மாத நெல்லை விதைத்திருந்தால், மணி முற்றுகிற கடைசி இரண்டு கிழமை வாய்க்காலில் தண்ணீர் இருந்திருக்காது. வட்டவிதானையிடம் போய் நின்றாலும் ஒருவருடைய இரண்டு ஏக்கருக்காக மதகைத் திறக்க மாட்டார்கள். காத்திருந்ததால் அவனுக்கு நட்டம் ஓர் இரவு. காத்திராவிட்டால் நட்டம் ஒரு போகமாக இருந்திருக்கும்.

இதில் நான் கவனிக்கத் தவறியது எது என்று பிறகு யோசித்தேன். விடை துண்டிலேயே இல்லை. கூட்டத்தின் முடிவு எழுதியவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எவ்வளவு நன்றாக வெளிச்சம் அடித்தாலும் அது கடதாசியிலிருந்து வராது.

அப்படியானால் எப்படிக் கேட்பதுதான் சரி?

உங்கள் ஊகத்தைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "மூன்றரைதானே?" என்பது கேள்வி போன்ற ஊகம். அதற்கு 'ஓம்' என்று சொல்வது எல்லோருக்கும் இலகு. சத்தத்திலும் அவசரத்திலும் இன்னும் இலகு. "எத்தனை மாதம்?" என்று கேட்டால், ஓமும் இல்லையும் விடையாகாது, எழுதியவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

அவர் சொன்னதும் வேறொரு வடிவத்தில் திருப்பிச் சொல்லுங்கள். 'மூன்று', 'மூன்றரை' ஆகியவை தொலைபேசியிலும் குழம்பக்கூடியவை. "அப்படியென்றால் பிஜி 300 எடுக்கிறேன்" என்று சொன்னால் இரண்டாவது தடவை வேறு வழியாக உறுதியாகும். முழுத் துண்டையும் மறுபடி சொல்லும்படி கேட்க வேண்டியதில்லை. "மற்றதெல்லாம் விளங்குகிறது, 'மூ'வுக்குப் பிறகு உள்ள சொல் மட்டும் நனைந்துவிட்டது" என்று இடத்தைக் குறித்துக் கேட்டால் அரை நிமிட வேலை. வாட்ஸ்அப்பில் கேட்பதானால் துண்டின் படத்தில் அந்த இடத்தை வட்டமிட்டு அனுப்புங்கள். ஆனால் உங்கள் ஊகத்தை அருகில் எழுதி அனுப்பாதீர்கள்.

பெரியவர்களிடம் திரும்பக் கேட்டால், 'இதுகூட வாசிக்கத் தெரியாதா' என்று நினைப்பார்களே?

தண்ணீர் பட்டது என்று சொல்லுங்கள். குறை எழுதியவரின் கையெழுத்திலும் இல்லை, வாசிப்பவரின் கண்ணிலும் இல்லை என்று ஆகிவிடும். கூச்சத்தால் ஊகித்துவிட்டு, பிழைத்த பிறகு அவர் முன்னால் நிற்பதுதான் கடினம்.

எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை. அல்லது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அப்போது?

முதலில் அவரைத் தவிர வேறு யாருக்கு அந்தச் சொல் தெரியும் என்று பாருங்கள். கடிதம் போய்ச் சேர்ந்தவர், அதைப் படித்துக் கேட்ட தங்கை, அதே நாளில் அதே செய்தியை எழுதிய இன்னொரு கடிதம், அவருடைய நாட்குறிப்பு என எத்தனையோ வழி உண்டு. ஒருவருமே இல்லை என்றால் ஊகம்தான். ஆனால் ஊகம் என்று தெரியும்படி எழுத வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலில் மீன் சின்னத்தோடு ஒரு கல்வெட்டு நிற்கிறது. அதில் எழுத்துகள் பல சிதைந்துவிட்டன. குளக்கோட்டன் என்ற அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் பாடலை வழிவழியாக அறிந்திருந்ததால்தான், மிஞ்சிய எழுத்துகளுக்கு நடுவே விழுந்த இடங்களை நிரப்பி வாசிக்கிறார்கள். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகார வேறுபாட்டையும் காட்டுவதில்லை. வெட்டியவரை எழுப்பிக் கேட்கவும் வழியில்லை. ஆகவே கல்வெட்டைப் பதிப்பிப்பவர்கள் கல்லில் உள்ள எழுத்தை அப்படியே எழுதி, ஐயமானதையும் தாம் நிரப்பியதையும் சதுர அடைப்புக்குறிக்குள் காட்டி, எதுவும் சொல்ல முடியாத இடத்தைப் புள்ளியிட்டு விட்டுவிடுகிறார்கள். பின்னால் வருகிறவர் அடைப்புக்குறிக்குள் உள்ளதை மறுக்கலாம். தந்தையின் பழைய கடிதத்தைப் படியெடுக்கும்போது நீங்களும் அப்படியே செய்யலாம். 'அடுத்த [ஆனி] மாதம் வருவேன்' என்று எழுதிவிட்டால், ஆனியா ஆடியா என்று உங்கள் பிள்ளைகள் மறுபடி கடிதத்தைப் பார்ப்பார்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

நான் கண்டுபிடித்த சொல்லைத் துண்டின் மேலேயே பேனையால் எழுதிவிடலாமா?

கூடாது. மேலே எழுதிய கணத்தில் அடியில் இருந்த கடைசிச் சாட்சியும் போய்விடும். பிறகு எது எழுதியவர் கை, எது உங்கள் கை என்று பிரிக்க முடியாது. வேறு தாளில் படியெடுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட சொல்லென்றால், யாரிடம், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று பக்கத்தில் குறித்து, மூலத் துண்டையும் அதனோடு சேர்த்து வையுங்கள்.

மருந்துத் துண்டும் காணி உறுதியும் நனைந்தால்?

மருந்தில் ஊகத்துக்கு இடமில்லை. மருந்துக் கடையில் இருப்பவர் "இது இதாகத்தான் இருக்கும்" என்று சொன்னாலும், எழுதிய வைத்தியரிடமோ அந்தச் சிகிச்சை நிலையத்திடமோ கேட்டு உறுதி செய்யும்வரை வாங்க வேண்டாம். மருந்தின் பெயர் தெளிவாக இருந்து, அளவு மட்டும் மங்கியிருந்தாலும் இதேதான்.

உறுதியில் நீங்கள் எதையும் வாசித்துத் தீர்மானிக்கவே தேவையில்லை. நொத்தாரிசு முடித்த உறுதியின் ஒரு பிரதி அவரிடமும், இன்னொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். பதிவகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்தால் அந்தச் சொல் அங்கே நனையாமல் இருக்கும்.

நான் எழுதிக் கொடுக்கும் துண்டு நனைந்தாலும் குழப்பம் வராமலிருக்க ஏதாவது வழி?

குமிழ்முனைப் பேனையால் எழுதுங்கள். எண்ணை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுங்கள். 'வேண்டாம்' என்பதற்குப் பதிலாக 'வராதீர்கள்', 'வாங்காதீர்கள்' என்று வேறு உருவமுள்ள சொல்லைப் போடுங்கள். தம்பலகாமத்து மாமா அடுத்த போகத்துக்கு அனுப்பிய துண்டை அந்தப் பொடியன் கொண்டு வந்து காட்டினான். பென்சிலால், பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: "3½ (மூன்றரை) மாதம். பிஜி 352. 5 (ஐந்து) புசல்." கீழே ஒரு வரி: "போத்தலை வேறு பையில் வை."